தீபாவளியன்று பிறந்தவர்கள்

ஆனி 6, வெள்ளி

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: அம்மா. நல்லசிவம் அண்ணன். வேலாயுதம் அண்ணன். மூத்த மதினி லோகம். நல்லசிவத்தின் பெண்சாதி செண்பகம். வேலாயுதத்தின் பெண்சாதி பூரணம். மருத்துவச்சி மாடத்தி. பிறகு நான், பிரமாச்சி, இந்த வீட்டுக் கடைசிப் பிள்ளை, தலைப்பிரசவத்துக்கு வந்தவள். எட்டுப் பேர். பெரியண்ணன் சங்கரலிங்கம் இல்லை. ஓடை உடைத்து வயலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதென்று விடிந்ததும் மண்வெட்டியோடு போனான். என் புருஷன் அவர் ஊரில்.

அறுபத்திரண்டு வருஷம் ஆகிறது. எட்டில் மிச்சம் லோகம் மதினியும் நானும்தான். அதனால்தான் என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

கேட்பது இதைத்தான். நல்லசிவம் மகன் கோமதிநாயகம், வேலாயுதம் மகன் ஆவுடையப்பன், இரண்டு பேரும் ஒரே தீபாவளியன்று ஒரே வீட்டில் பிறந்தவர்கள். யார் மூத்தவன்?

நான் மூன்றாம் வகுப்பு வரைதான். அண்ணன் வழிப் பேத்தி சிவகாமி விட்டுப்போன டைரி இது. வேறு வருஷத்துத் தேதி போட்டிருக்கிறது, அதை அடித்துவிட்டு எழுதுகிறேன். சொல்லப்போவதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். வாய் மாறிவிடக் கூடாது.

ஆனி 7, சனி

பெரியண்ணன் புதன்கிழமை காலை செத்துப்போனான். எண்பத்தொன்பது வயது. காப்பி குடித்தான், தம்ளரைக் கீழே வைத்தான், சாய்ந்தான். நான்தான் தம்ளரை எடுத்துக் கழுவினேன்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் அதிர்ச்சி என்றார்கள். இருக்கலாம்.

அவனுக்குப் பிள்ளை கிடையாது. தம்பிமார் முன்னாலேயே போய்விட்டார்கள். ஆகவே தம்பி மக்களில் மூத்தவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். வாசலில் பாடையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காரியம் நின்றது. கோமதி சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறான், ஆவுடையும் கழற்றிவிட்டு நிற்கிறான். இரண்டு பேருக்கும் தொப்பை, இரண்டு பேருக்கும் நரைத்த மார்பு. கடைசியில் நாவிதர்தான் ஒரு வழி சொன்னார். கொள்ளிச்சட்டியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு போங்கள், நேரமாகிறது என்று. அப்படித்தான் போனார்கள். சுடுகாட்டு வழியில் ஒருவன் வேகமாகவும் ஒருவன் மெதுவாகவும் நடந்து சட்டி ஆடிக்கொண்டே போனதாம்.

பதினாறாம் நாள் அப்படிச் செய்ய முடியாது. அன்றைக்கு உருமால் கட்ட வேண்டும். சம்பந்தக்காரர்கள் கொண்டுவரும் புதுத்துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி இனி இந்த வீட்டுக்கு நீதான் பெரியவன் என்று சொல்வது. நம் சாஸ்தா கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு முதல் பொங்கல் பானையை இறக்குவது, கல்யாண ஓலையில் முதல் பெயர், எல்லாம் அந்தத் தலையோடு போகும். சட்டியை இரண்டு பேர் பிடித்தார்கள். துண்டு ஒரு தலையில்தான் நிற்கும்.

ஆனி 9, திங்கள்

இந்த வம்பு இன்றைக்கு முளைத்ததில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து இருக்கிறது. ஒருவனை ஒருவன் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை, பெயர் சொல்லித்தான். கோமதி தன் பிள்ளைகளுக்கு ஆவுடையைச் சித்தப்பா என்று சொல்லிக்கொடுத்தான். ஆவுடை தன் பிள்ளைகளுக்குக் கோமதியைச் சித்தப்பா என்று சொல்லிக்கொடுத்தான். இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு சித்தப்பா உண்டு, பெரியப்பா கிடையாது. இருவர் பெண்சாதிகளும் அதே மாதிரி. ஒருத்தி அக்கா, ஒருத்தி தங்கச்சி என்று ஆக வேண்டும். ஆகவில்லை. ‘ஏங்க’, ‘இந்தாங்க’ என்றே முப்பத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

பெரியண்ணன் இருந்தவரை யாரும் தீர்ப்புக் கேட்கவில்லை. நான்தான் உங்கள் எல்லாருக்கும் மூத்தவன், நான் செத்த பிறகு அடித்துக்கொள்ளுங்கள் என்று சிரிப்பான். கேட்க வாயெடுத்தால் பேச்சை மாற்றிவிடுவான். சமாதானக்காரன் என்று ஊரில் பெயர்.

தண்ணீர் இன்று வரவில்லை.

ஆனி 10, செவ்வாய்

கோமதி முதலில் வந்தான். நெகிழிப் பைக்குள் பள்ளிக்கூடச் சான்றிதழ். ஜூன் முதல் தேதி என்று இருக்கிறது. ஆவுடையுடையது ஜூலை இரண்டு. ‘கவர்மெண்டே சொல்லுது அத்தை’ என்றான்.

எனக்கு அந்த நாளும் ஞாபகம் இருக்கிறது. அப்போது பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன், இரண்டு பேரையும் ஒரே காலையில் கூட்டிக்கொண்டு போனது நான்தான். ஹெட்மாஸ்டர் வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். கோமதிக்குத் தொட்டது. ஆவுடைக்குக் கை கட்டை, விரல் நுனி எட்டவில்லை, எக்கி எக்கித் தொட்டான். அதனால் அவனுக்கு ஒரு மாதம் குறைத்துப் போட்டார். தீபாவளிக்குப் பிறந்தவர்களுக்கு ஜூனும் ஜூலையும் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கோமதி பையை மடித்து வைத்துக்கொண்டான்.

பிறகு இன்னொன்று சொன்னான். அவன் அப்பா ஆவுடையின் அப்பாவுக்கு மூத்தவர், ஆகையால் அவன்தான் மூத்தவனாம். அதுவும் தப்பு. அப்பன்மாரில் யார் மூத்தவன் என்பது பெரியப்பா, சித்தப்பாவுக்குத்தான் கணக்கு. பிள்ளைகளுக்குள் அண்ணன் தம்பி என்பது அவனவன் பிறந்த பொழுது. எனக்கே பெரியப்பா மகன் ஒருவன் என்னைவிட நான்கு வயது சின்னவன். அவனை நான் அண்ணன் என்றா கூப்பிட்டேன், தம்பி என்றுதான் கூப்பிட்டேன். அதையும் கேட்டுக்கொண்டான்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னான்.

“எங்கம்மா சாகும்போதும் அதத்தான் அத்தை சொன்னாவ. மருத்துவச்சி தயங்கிக்கிட்டு நின்னாளாம். பெரியப்பாதான், ‘செண்பகத்த முதல்ல பாரு’ன்னு சொன்னாவளாம். முதல்ல பாருன்னா, நான்தானே முதல்ல.”

பெரியப்பா அன்றைக்கு வயலில் அல்லவா இருந்தான்.

புளி ஐந்து கிலோ கொட்டை எடுத்தேன்.

ஆனி 11, புதன்

புளி.

ஆனி 13, வெள்ளி

ஆவுடை வந்தான். இவன் காகிதம் கொண்டுவரவில்லை. ஜாதகத்தைக் கறையான் தின்றுவிட்டது. பூரணம் மதினி சொன்ன வார்த்தை ஒன்றுதான் கையில்: அவனுக்கு நட்சத்திரம் சித்திரை. கோமதியின் ஜாதகத்தில் சுவாதி என்று இருக்கிறது. சித்திரை முடிந்த பிறகுதான் சுவாதி. பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கும் சோசியரிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்தத் தீபாவளியன்று காலையில் சித்திரை, முற்பகலுக்கு மேல் சுவாதி ஆகிவிட்டதாம்.

‘எங்க அம்மாவுக்குத் தாய் கிடையாது அத்தை, கேட்டு வச்சுக்க வேற ஆளில்ல, பிள்ளை நட்சத்திரத்தையாவது ஒழுங்கா ஞாபகம் வச்சிருக்க மாட்டாளா’ என்றான். அவன் பேச்சு எப்போதும் அப்படித்தான், கெஞ்சுகிற மாதிரி. அவன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். ஓலையில் தன் பெயரை முதலில் போட ஆசை. அதைச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

நட்சத்திரத்தை வைத்து நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும். எழுதுகிறேன்.

மழை ஐந்து நாளாக விடவில்லை. பூரணத்துக்கு வலி எடுத்ததும், ஓடை பெருகினால் அக்கரையிலிருந்து ஆள் வர முடியாது என்று, முதல் நாள் சாயங்காலமே பெரியண்ணன் மாடத்தியைக் கூட்டிவந்துவிட்டான். தீபாவளியன்று, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நேரம். பொழுது விடியவில்லை. லோகம் மதினி வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். விறகு ஈரம். அடுத்த தெருவில் யாரோ ஒரே ஒரு வெடி போட்டார்கள், நமத்துப்போன வெடி, புஸ் என்றது. அதோடு ஆவுடை அழுதான். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். அது நிச்சயம்.

பிறகு விடிந்தது. பெரியண்ணன் புதுப்பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். பிறகு எனக்கு வலி.

கோமதி அழுதது உச்சிக்காலப் பூசை மணி அடித்து வெகுநேரம் கழித்து. மழை விட்டுச் சுள்ளென்று ஒரு வெயில் அடித்தது. அப்போதுதான் அழுதான். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஒரு அழுகைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். உச்சி மணி அடிக்கும்போதே எனக்குப் பிறந்துவிட்டது. கால் முதலில் வந்தது. அழும், இப்போது அழும் என்று கிடந்தேன். அழுகை வந்தது. பக்கத்து அறையிலிருந்து வந்தது.

பெண் பிள்ளை.

ஆனி 14, சனி

செண்பகத்தின் மேல் எனக்குக் கோபம் என்று ஊருக்கே தெரியும். காரணம்தான் தெரியாது. மாடத்தி என்னோடுதான் இருந்தாள். ஒரு காலைப் பிடித்துவிட்டாள், இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது செண்பகம் பக்கத்து அறையில் கத்தினாள். மாடத்தி எழுந்து போனாள், வரவில்லை. செண்பகம் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்று பிறகு அம்மா சொன்னாள். அதிலிருந்து செண்பகத்தின் கையால் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. என் புருஷன் செத்து இந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். ஒரே அடுப்படியில் பத்தொன்பது வருஷம் இருந்தோம், பேசியதில்லை. அவள் படுக்கையில் கிடந்தபோது என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை.

என்ன சொல்லக் கூப்பிட்டாள்?

ஆனி 15, ஞாயிறு

லோகம் மதினிக்கு எண்பத்தாறு வயது. தாலி எடுக்கும்வரை அவளை மூலையில் உட்கார்த்தியிருக்கிறார்கள். பதினாறாம் நாள்தான் எடுப்பார்கள். தலை வாரிவிடப் போனேன். வாரிக்கொண்டே கேட்டேன், அன்றைக்குப் பெரியண்ணன் எப்போது வயலிலிருந்து திரும்பி வந்தான் என்று.

அவள் தலை சீப்புக்குள் அசையாமல் நின்றது.

“கோமதி சொன்னானா” என்றாள்.

சொன்னான் என்றேன். பின்னல் போட்டு முடித்தேன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“வந்தாரு பிரமு. கொல்லை வாசல்ல நின்னாரு, தொப்பலா நனைஞ்சு. மாடத்தி வெளிய வந்து, ரெண்டும் சிக்கலா இருக்கு, ஒண்ணத்தான் பாக்க முடியும், எதப் பாக்கட்டும்னு கேட்டா. அத்தை, அதான் உங்கம்மா, வாயத் திறக்கல. நல்லசிவமும் திறக்கல. இவருதான் சொன்னாரு. ‘செண்பகத்த முதல்ல பாரு. அது நம்ம வீட்டுக் கொடி. பிரமுவுக்கு இன்னும் பொறக்கும்’ன்னாரு. சொல்லிட்டுத் திரும்பி வயலுக்கே போயிட்டாரு. பொறவு அத்தைதான் செண்பகம் பேரச் சொன்னாவ, நீ அண்ணன்கூடப் பேசாம இருந்துருவேன்னு. எங்கிட்ட தலையில அடிச்சு சத்தியம் வாங்கினாவ.”

பின்னலுக்குக் கீழே நூல் கட்டினேன். ரிப்பன் கட்டக் கூடாது அல்லவா. எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. பிடித்து வைத்தேன். எட்டுக் குடம்.

ஆனி 16, திங்கள்

காலையில் காப்பி போட்டால் முதல் தம்ளர் பிரமுவுக்கு என்பான் பெரியண்ணன். பெண்சாதிக்கு அப்புறம்தான். தீபாவளிச் சேலையும் முதலில் என்னை எடுத்துக்கொள்ளச் சொல்வான், லோகம் மதினி மிச்சத்தில் எடுப்பாள். தங்கச்சி மேல் உயிர் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாற்பத்தொரு வருஷம், நாற்பத்தொரு சேலை.

பெட்டியைத் திறந்து எண்ணினேன். கிழிந்தது போக இருபத்தாறு இருக்கிறது.

ஆனி 18, புதன்

நாளை பதினாறு. சமையலுக்கு ஆள் வந்துவிட்டார்கள். பூசணிக்காய் நறுக்கிக் கொடுத்தேன்.

இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள், இப்போதுதான் முதல் தடவை. நாளைக்குச் சபையில் நீங்கள் என்ன சொன்னாலும் கட்டுப்படுவோம் என்றார்கள். கோமதி சொன்னான், அத்தைக்கு எங்கம்மா மேல கோபம் உண்டு, இருந்தாலும் அத்தை பொய் சொல்ல மாட்டா என்று. அந்த வார்த்தை என் காலில் முள் மாதிரி ஏறியது.

வேண்டுமானால் நான் சொல்லாமல் விடலாம். மறந்துவிட்டது என்று சொன்னால் எண்பத்திரண்டு வயதில் யார் நம்ப மாட்டார்கள்? இரண்டு சித்தப்பாவாகவே செத்துப்போவார்கள். கோமதிதான் மூத்தவன் என்றும் சொல்லலாம், செண்பகத்துக்குச் செய்த பாவத்துக்குக் கழுவாயாக. அவள் மகன் தலையில் துண்டைக் கட்டிப் பார்த்துவிடலாம். எனக்கு அப்படி ஒரு எண்ணம் வந்தது. பூசணிக்காய் விதையை எடுத்துத் தனியாக வைக்கிறவரை இருந்தது, பிறகு போய்விட்டது.

முன்பின் மாற்றினால் நடுவில் இருப்பதும் மாறிப்போகும். என் பெண்ணுக்கு இருப்பது அந்த ஒரு இடம்தான். பெயர்கூட வைக்கவில்லை. ஆவுடைக்குச் சின்னவள், கோமதிக்குப் பெரியவள். இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் அத்தை மகள், ஆனால் சின்னவள் என்பதால் ஆவுடைக்குத்தான் முறை. கோமதிக்குக் கட்டிக்கொடுக்க முடியாது, மூத்த பெண்ணை எப்படிக் கட்டுவது? இதை நான் எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன், அரிசி புடைக்கும்போது.

ஆனி 19, வியாழன்

காரியம் முடிந்தது. பிண்டம் ஆற்றில் கரைத்துவிட்டு வந்தார்கள். லோகம் மதினிக்குத் தாலி எடுத்தார்கள். அவள் அழவில்லை, நானும் அழவில்லை. மற்றவர்கள் அழுதார்கள்.

பிறகு கூடத்தில் ஜமுக்காளம் விரித்து இரண்டு பேரையும் கிழக்கே பார்த்து உட்கார்த்தினார்கள். சம்பந்தக்காரர் தட்டில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார். வகையறாவில் மூத்தவரான சிதம்பரக்கோனார் ஆரம்பித்தார், மூத்தவன் மகன்தானே மூத்தவன், இதில் என்ன கேள்வி என்று. அப்படியானால் உங்கள் பெரியப்பா பேரன், மூன்றாம் வகுப்புப் படிக்கிறவன், உங்கள் மகனுக்கு அண்ணனா என்று கேட்டேன். சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

எழுதி வைத்ததை அப்படியே சொன்னேன். ஈர விறகு, நமத்த வெடி, எண்ணெய்க் கிண்ணம். ஆவுடை விடியும் முன். உச்சி மணி, வெயில். கோமதி அதற்கப்புறம். கோமதியின் முகம் செத்துப்போயிற்று.

“அப்ப எங்கம்மா பொய்யா சொன்னாவ அத்தை?”

“உங்கம்மா பொய் சொல்லலடே. பெரியப்பா அப்படித்தான் சொல்லிருக்கான். ‘செண்பகத்த முதல்ல பாரு’ன்னு. ஆவுடைக்கு முந்தி இல்ல. எனக்கு முந்தி.”

யாருக்கும் விளங்கவில்லை. விளங்கும்படி சொன்னேன். விடியும் முன் ஒன்று, உச்சிக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, அந்த வீட்டில் அன்று பிறந்தது மூன்று என்றேன். நடுவில் உள்ளது என்னுடையது, மாடத்தி பாதியில் விட்டுவிட்டு உங்கம்மாவிடம் போனாள், போகச் சொன்னது யார் என்று உனக்கே தெரியும் என்றேன். குரல் உயரவில்லை. சமையல்காரர் அப்பளம் பொரிக்கிற சத்தம் கேட்டது.

சுவரில் பெரியண்ணன் படத்துக்கு மாலை போட்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. நல்ல நேரம் போகிறது என்று சம்பந்தக்காரர் சொன்னார்.

ஆவுடை தலையில் துண்டைக் கட்டினார்கள். கட்டும்போது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோமதி எழுந்தான், போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. துண்டின் முனை பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்துச் செருகிவிட்டு, “சாப்பிட வா, அண்ணே” என்றான். அந்த வார்த்தை அவனுக்குப் பழக்கமில்லை. ஆவுடை தலையை ஆட்டினான். துண்டு சரிந்தது.

முதல் இலையைப் படத்துக்கு முன் போட்டார்கள். தங்கச்சிதான் தண்ணீர் சுற்றி வைக்க வேண்டும் என்றார்கள். எனக்கு முடியாது என்றேன். முட்டி வலி என்று நினைத்துக்கொண்டார்கள். லோகம் மதினி மட்டும் என்னைப் பார்த்தாள்.

ஆனி 20, வெள்ளி

கோமதியின் மகள் ஆவுடையைப் பெரியப்பா என்று கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, தன்னைத்தான் என்று தெரியவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டதும் திரும்பினான்.

மத்தியானம் கோமதி என் அறைக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். பிறகு, “அது பொம்பளப் பிள்ளையா அத்தை” என்றான். ஆமாம் என்றேன். எனக்கு அக்கா முறை வேண்டும் என்றான். அத்தை மகள் மூத்தவள் என்றால் மதினி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று திருத்தினேன். சரி, மதினி என்றான். செண்பகத்தின் படம் ஒன்று கொண்டுவந்து கொடு என்று அவனிடம் கேட்டிருக்கிறேன்.

அம்மா பொய் சொன்னாள். பெற்ற மகனுக்காகச் சொன்னாள், போகட்டும். நல்லசிவம் பேசாமல் நின்றான். அவன் பெண்சாதி உயிருக்குக் கிடந்தாள், போகட்டும். மாடத்தி கேட்டுவிட்டுத்தான் போனாள். லோகம் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டாள். செண்பகம் ஒன்றுமே செய்யவில்லை, வலித்தது, கத்தினாள்.

முதல் பக்கத்தில் எட்டுப் பேர் என்று எழுதியது தப்பு. அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர். விட்டுப்போன பெயரை இங்கே எழுதுகிறேன், அடிக்க மாட்டேன்: சங்கரலிங்கம்.